கொடியடுப்புக்கு மேலே

"சுவத்தை வெளுத்துக் குடுத்துட்டுப் போ. அமாவாசைக்குப் படையல் சோறு இந்த அடுக்களையிலதான் பொங்கணும். அதுக்கு அப்புறம் நீ இங்கன இருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கார ஆச்சி ஆவுடையம்மாள் வெளியே போய்விட்டாள்.

சமையல்காரி முருகம்மாள் அடுக்களை வாசலில் நின்று மேலே பார்த்தாள். தேக்கு உத்தரங்களும், அவற்றின்மேல் நெருக்கமாகப் பரப்பிய பனங்கட்டைகளும், அவற்றின் இடுக்குகளில் பூசிய சுண்ணாம்பும் ஒரே கறுப்பாகக் கிடந்தன. தை பிறக்கும்போது அவளும், அவள் சின்னம்மா என்று கூப்பிடுகிற வீட்டு மருமகள் ரெங்கம்மாளுமாக வெள்ளையடித்த இடம் அது. சுவர்களிலும் தலைக்கு மேலே ஆள் உயரத்துக்குப் புகை அப்பியிருந்தது. கீழே இறங்க இறங்கக் கறுப்பு சாம்பல் நிறமாகி, இடுப்பு உயரத்தில் மங்கி முடிந்தது.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், ஆடி மாதம். தென்காசியில் அந்தப் பருவத்தில் வெயிலுக்கும் சாரலுக்கும் ஓயாத வழக்கு. மலைக்கணவாய் வழியாக வருகிற காற்று ஈரத்தைக் கொண்டுவந்து ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போட்டுவிட்டுப் போகும். விறகு நமுத்துப் போகும் என்று அடுப்புக்குப் பக்கத்திலேயே அடுக்கிக் காயவைத்திருந்தார்கள். அதுதான் பற்றிக்கொண்டது.

அன்றைக்கு நடந்ததை முருகம்மாள் மனதுக்குள் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டாள். பெரிய அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தது நிச்சயம். முறுக்கு மாவு பதம் வரவில்லை என்று சட்டியை இறக்கித் தரையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனதாகத்தான் அவளுக்கு ஞாபகம். கிணற்றில் வாளியை விட்டபோது "தீ, தீ" என்று சின்னம்மாவின் கூச்சல் கேட்டது. ஓடி வந்தாள். அடுக்களை முழுவதும் புகை. தண்ணீர்த் தொட்டியில் சாக்கை முக்கி அடுப்பின் மேலும் விறகின் மேலும் போட்டுப் போட்டு அமுக்கினாள். புகை கலைந்து ஊரார் எட்டிப் பார்த்தபோது முகமெல்லாம் கரியாக அவள் ஒருத்திதான் உள்ளே நின்றாள். எண்ணெய்ச் சட்டி தரையில் கவிழ்ந்து கிடந்தது. அடுப்பிலிருந்து விழுந்ததா, தரையில் இருந்தது அவள் காலில் தட்டியதா, யார் சொல்ல முடியும்?

"நான் எறக்கி வச்சேன் ஆச்சி. சத்தியமா எறக்கி வச்சேன்" என்றாள் அன்றைக்கு.

"எறக்கி வச்ச எண்ணெய் தானா எரியுமாட்டி? நல்லவேளை, ரெங்கம் பாத்துச் சத்தம் போட்டா. இல்லாட்டி வீடே போயிருக்கும்."

 யோசிக்க யோசிக்க முருகம்மாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை இறக்கவில்லையோ? நேற்று இறக்கியதை இன்றைக்கு இறக்கியதாக நினைத்துக்கொண்டேனோ? பன்னிரண்டு வருஷமாகச் சட்டியை ஏற்றி இறக்கிய கை. அந்தக் கையையே நம்ப முடியாமல் போவதைவிடப் பெரிய துன்பம் ஒரு சமையல்காரிக்கு உண்டா? புருஷன் செத்த பிறகு இந்த வீட்டு மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய அறைதான் அவளுக்கு வீடு. வீட்டைக் கொளுத்தினவள் என்ற பேரோடு வெளியே போனால் தென்காசியில் மட்டுமல்ல, இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை வரைக்கும் எந்த வீட்டு அடுக்களையும் அவளுக்குக் கதவு திறக்காது.

வெளியாளைக் கூப்பிட்டு வெள்ளையடிக்கவும் முடியாது. அந்த வீட்டு அடுக்களைக்குள் வீட்டுப் பெண்களும் முருகம்மாளும் தவிர வேறு யாரும் கால் வைப்பதில்லை. ஆகவே துடைக்கிற வேலை அவளுக்கும், வீட்டு மருமகள் ரெங்கம்மாளுக்கும்தான்.

வேலை தொடங்குவதற்கு முன்பே ஒரு தப்பு நடந்துவிட்டது. தீ விழுந்த இடத்துக்குத் தோஷம் போகவேண்டும் என்று, மறுநாள் காலையில் ஆவுடையம்மாள் வேப்பிலையால் மஞ்சள்நீரை எடுத்துச் சுவரெங்கும் விசிறித் தெளித்துவிட்டாள். பக்தியோடு செய்த காரியந்தான். ஆனால் காய்ந்த புகையின் மேல் விழுந்த தண்ணீர் கறுப்பைக் கரைத்துக்கொண்டு கோடு கோடாக வழிந்து, அப்படியே சுவரில் ஊறிக் காய்ந்துபோயிற்று. சுவர் அழுதது போல இருந்தது.

அந்தக் கோடுகளை முருகம்மாள் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். கோடு போகவில்லை. கையகலத்துக்குப் பெரிய தீற்றலாகப் பரவிற்று.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "ஏட்டி முருகம்மா! தண்ணியக் கீழ வையி. சுவத்துக்குக் கண்மையா இடுதே?"

பாத்திமுத்து. பின்வீட்டுக்காரி. புருஷன் செங்கோட்டைச் சந்தையில் ஜவுளி விற்கிறவர். வாசல் வழியாகப் பார்த்தால் அடுக்களையின் பாதி தெரிகிற மாதிரி கொல்லைச் சுவரின் மேல் தாடையை ஊன்றி நின்றாள்.

"வேற என்னக்கா செய்ய? போகமாட்டேங்குதே."

"புகையில எண்ணெய் கலந்திருக்கு. தண்ணி பட்டா உள்ள எறங்கும். எங்க வீட்டுல போன வருஷம் கந்தூரிக்கு நெய்ச்சோறு ஆக்கும்போது பந்தலே கருகிச்சே, மறந்துட்டியா? நானும் இப்படித்தான் முதல்ல தண்ணிய ஊத்திட்டு ஒப்பாரி வச்சேன். முதல்ல காய்ஞ்ச கையில எடு. அமுக்காம, ஒரே பக்கமா இழுத்துத் தட்டு. பொறவு தவிட்டை வச்சுத் தேய். எண்ணெயத் தவிடு உறிஞ்சிக்கிடும். தண்ணியெல்லாம் கடைசியில."

"தவிடு இந்த வீட்டுல மாட்டுக்குத்தான் இருக்கு. ஆச்சி அளந்துதான் போடுவா."

"அளந்து போடட்டும், மாட்டுக்குத்தானே?" என்று சிரித்தாள் பாத்திமுத்து. சற்று நேரத்தில் சுவருக்கு மேலாக ஒரு சிறு மூட்டைத் தவிடு வந்தது. அதன் பின்னால் ஒரு பொட்டலம் உவர்மண்ணும் வந்தது. "இது கழுவுறதுக்கு. கொதிக்கிற தண்ணியில கரைச்சுத் தெளிய வையி. கை பத்திரம், புண்ணாக்கிரும்."

முருகம்மாள் மூட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இரண்டு நாளாக அந்த வீட்டில் யாரும் அவளிடம் சிரித்துப் பேசவில்லை. தவிட்டு மூட்டைக்குக் கனமில்லை. இருந்தாலும் அதை வாங்கும்போது அவள் கண் கலங்கிற்று.

மறுநாள் பிரதோஷம். அதற்கு அடுத்த நாளன்று சுண்ணாம்பு அடித்தால்தான் அமாவாசைக்குள் காயும். ஆகவே கழுவுகிற வேலை பிரதோஷத்தன்றே முடிந்தாகவேண்டும். விடிந்ததும் முருகம்மாள் தரையில் பழைய சாக்குகளை விரித்தாள். மூக்கிலும் வாயிலும் துணியைக் கட்டிக்கொண்டாள். பூந்துடைப்பத்தின் முனையில் மெல்லிய துணியைச் சுற்றி, ஏணியில் ஏறி மேல்தளத்திலிருந்து தொடங்கினாள். அமுக்காமல், ஒரே பக்கமாக. கரி மெல்லிய ஓலைத் துணுக்குகளைப் போலச் சுருண்டு விழுந்தது. ரெங்கம்மாள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ரெங்கம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. வாசுதேவநல்லூரிலிருந்து வந்து நாலு வருஷமாகிறது. குழந்தை இல்லை. முருகம்மாளுடன் அடுக்களையில் வாய் ஓயாமல் பேசுகிற பெண். தீ விழுந்த நாளிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. பயந்துபோய்விட்டாள் பாவம் என்று முருகம்மாள் நினைத்தாள்.

"முருகக்கா, மேல இருந்து விழுந்துராதீங்க."

"விழுந்தா ஆச்சிக்கு ஒரு வேலை மிச்சம். துரத்த வேண்டியதில்ல."

ரெங்கம்மாள் சிரிக்கவில்லை. ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

உச்சிப்பொழுதுக்குள் உதிர்கிற கரியெல்லாம் விழுந்துவிட்டது. பிறகு தவிட்டைத் துணிப்பொட்டலமாகக் கட்டி, வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினாள் முருகம்மாள். தவிடு கறுத்துக் கறுத்துக் கீழே கொட்டியது. கறுத்ததை எறிந்துவிட்டுப் புதுத் தவிடு எடுத்தாள். கட்டைகளின் இடுக்கில் சுண்ணாம்பு மெல்ல மெல்லச் சாம்பல் நிறத்துக்கு வந்தது. தோள் கடுத்தது. ஆனால் மனதில் சிறு நம்பிக்கை வந்தது. இந்த வேலையையாவது பழுதில்லாமல் செய்துவிட்டுப் போகலாம்.

சாயங்காலம் ஆவுடையம்மாள் காசி விசுவநாதர் கோயிலுக்குப் பிரதோஷத்துக்குக் கிளம்பினாள். வாசற்படியில் நின்று, "நான் வருதுக்குள்ள கழுவி முடிச்சிருக்கணும்" என்றாள். அடுக்களைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முருகம்மாள் தொழுவத்தில் வைத்த அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உவர்மண்ணைக் கரைத்துத் தெளியவிட்டாள். தேங்காய் நாரைச் சுருட்டிக்கொண்டாள். சுவரைக் கழுவும்போது கீழிருந்து மேலே போகவேண்டும். மேலே தொடங்கினால் வழிகிற அழுக்குத் தண்ணீர் கீழே காய்ந்த சுவரில் கோடு போட்டுவிடும், மஞ்சள்நீர் போட்டதைப் போல. ஒவ்வொரு முழத்தையும் தேய்த்ததும் ரெங்கம்மாள் நல்ல தண்ணீரால் துடைத்தாள். மஞ்சள்நீர்க் கோடுகளை மட்டும் இரும்புத் தகட்டால் சுரண்டி எடுக்கவேண்டி வந்தது. சுவர்கள் முடிந்தன. மேல்தளம் மிச்சமிருந்தது.

முருகம்மாள் ஏணியில் ஏறினாள். புகைத்துவாரத்தின் வழியாக மேற்கு வெயில் சாய்வாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. நாரைத் தூக்கிய கை அப்படியே நின்றது.

உதிர்கரி இருந்தவரைக்கும் மேல்தளம் எங்கும் ஒரே கறுப்பாக இருந்தது. இப்போது அது போய், மேற்கு வெயிலும் பட்டதால் அடியில் இருந்தது தெரிந்தது. சுண்ணாம்பின் மேல் ஒரு வட்டம். ஒரு முறத்தின் அகலம் இருக்கும். நடுவில் பிசுபிசுவென்று கரும்பழுப்பு. ஓரம் போகப் போக மஞ்சள். தீயின் நாக்கு நேராக ஏறி முட்டிய இடம். எண்ணெய் அங்கேதான் ஆவியாகி அப்பியிருந்தது.

அவள் கீழே பார்த்தாள். அந்த வட்டத்துக்கு நேர்கீழே பெரிய அடுப்பு இல்லை. கொடியடுப்பு இருந்தது.

பெரிய அடுப்பின் சூட்டை ஒரு துவாரம் வழியாக வாங்கிக்கொள்கிற சின்ன அடுப்பு அது. ரசமோ, பாலோ, சூடாறாமல் வைப்பதற்கு. பெரிய அடுப்பிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, கிழக்கு மூலையில். அதன் மேல் முருகம்மாள் ஒருநாளும் எண்ணெய்ச் சட்டி வைத்ததில்லை. வைக்கவும் முடியாது. சட்டி பெரிது. பெரிய அடுப்புக்கு மேலே தையிலிருந்து படிந்த அன்றாடப் புகையின் மங்கிய நிறம் மட்டுந்தான் இருந்தது. அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

'இறக்கித்தான் வைத்தேன்' என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஏணியின் படியைப் பிடித்துக்கொண்டாள். பெரிய பாரம் ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியது. ஈசுவரா, என் கை தப்பில்லை.

அடுத்த நொடியிலேயே இன்னொரு எண்ணம் வந்தது. அப்படியானால் கொடியடுப்பில் எண்ணெய் வைத்தது யார்?

நாரை வட்டத்தின் ஓரத்தில் வைத்து ஒருமுறை தேய்த்தாள், தெரிந்துகொள்வதற்காக. சூடான உவர்நீர் பட்டதும் ஒரு வாசனை கிளம்பியது. அது நல்லெண்ணெய் வாசனை இல்லை. தேங்காயெண்ணெயும் இல்லை. பூண்டும் வெந்தயமும் ஏதோ பச்சிலையும் சேர்ந்து கருகிய வாசனை. மருந்தெண்ணெய்.

கீழே ஏணியைப் பிடித்திருந்த ரெங்கம்மாளின் மூக்குக்கும் அது போயிருக்கவேண்டும். ஏணி லேசாக ஆடியது.

"முருகக்கா, சீக்கிரம் கழுவிருங்க. அத்தை வந்திருவா."

முருகம்மாள் கழுவவில்லை. கையில் நாரை வைத்துக்கொண்டே மெல்லக் கீழே இறங்கினாள்.

"ஆச்சி வரட்டும் சின்னம்மா."

"ஏன்?"

"வந்து இதைப் பாக்கட்டும். பாத்ததுக்குப் பொறவு கழுவுதேன்."

ரெங்கம்மாளின் முகம் வெளிறியது. "பாக்க என்னக்கா இருக்கு, எல்லாம் கரிதானே?" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"நாளைக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சுன்னா நான் போகணும். போற எடத்துல எல்லாம் இவதான் வீட்டைக் கொளுத்தினவன்னு சொல்லுவாங்க. எனக்குச் சாட்சி சொல்லுதுக்கு யாரு இருக்கா? மேல இருக்கிற இந்த வட்டம் ஒண்ணுதான். அதையும் என் கையால அழிக்கச் சொல்லுதீங்களா?"

ரெங்கம்மாள் அப்படியே தரையில், கரித்தவிட்டின் மேலே உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தாங்க்கா."

முருகம்மாள் நின்றுகொண்டேயிருந்தாள்.

"செங்கோட்டை வைத்தியர் குடுத்த எண்ணெய். அம்மா வாங்கி ரகசியமா அனுப்பிச்சா. சூடு பண்ணி அடிவயித்துல தடவணும்னு. நீங்க கிணத்தடிக்குப் போன நேரம் பாத்துக் கொடியடுப்புல சின்ன உருளிய வச்சேன். சூடு பத்தலன்னு பெரிய அடுப்புல விறகைத் தள்ளினேன். பொங்கி வழிஞ்சு தொளைக்குள்ள போயிட்டு. குப்புன்னு பத்திக்கிட்டு. பயத்துல செம்புத் தண்ணிய அதுமேல ஊத்தினேன். அது மச்சு வரைக்கும் எந்திரிச்சுட்டுது அக்கா... நான் ஓடிட்டேன்."

"உருளி எங்கே?"

"கூட்டத்துல சேலைக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போயிட்டேன்."

கொதிக்கிற எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று அடுப்படியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பயந்த கைக்கு எதுவும் தெரியாது.

"அத்தைகிட்ட எப்படிச் சொல்லுவேன்? போன மாசம் இலஞ்சி மாமாகிட்ட பேசிக்கிட்டு இருந்தா. மகனுக்கு இன்னொரு பொண்ணு பாக்கலாமான்னு. நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். இதுவும் தெரிஞ்சா, வீட்டையும் கொளுத்தினான்னு ஊருக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வந்திருவா. நீங்க வேற வீட்டுல வேலை பாத்துக்கலாம்னு மனசைச் சமாதானம் பண்ணிக்கிட்டேன். நான் போனா எனக்கு வேற வீடு ஏது?"

முருகம்மாளுக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபமல்ல. மூன்று நாளாக என் கண்ணெதிரில் சாப்பிட்டாயே, நான் என் கையைச் சந்தேகித்ததைப் பார்த்துக்கொண்டே ஏணி பிடித்தாயே என்று கேட்கத் தோன்றியது. வாயைத் திறந்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவளின் தலைமயிரெல்லாம் கரித்தவிடு ஒட்டியிருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், முருகம்மாள் காய்ச்சலில் கிடந்தபோது, கஞ்சியை எடுத்துக்கொண்டு மாட்டுத்தொழுவத்துக்குள் நுழைந்த ஒரே ஆள் இந்தப் பெண்தான். மாமியார் கண்ணுக்குத் தெரியாமல் புடவைக்குள் மறைத்துத்தான் கொண்டுவந்தாள். அன்றைக்கும் மறைத்துத்தான்.

மனிதர்கள் நல்லதையும் பயந்து பயந்துதான் செய்யவேண்டியிருக்கிறது. கெட்டதையும் பெரும்பாலும் பயத்தில்தான் செய்கிறார்கள். கடவுளுக்கு இது தெரியாமலா இருக்கும்?

முருகம்மாள் நாரை உவர்நீரில் முக்கினாள். ஏணியில் ஏறினாள். ஓரத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். நடுவில் தொடங்கினால் எண்ணெய்க்கறை சுற்றிலும் பரவும். விளிம்பிலிருந்து உள்ளே, விளிம்பிலிருந்து உள்ளே. பழுப்புத் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து ரவிக்கைக்குள் இறங்கியது. விரல்கள் எரிந்தன. தன் சாட்சியைத் தானே அழிக்கிறோம் என்று தெரிந்தேதான் அழித்தாள்.

பாதி வட்டம் போயிருந்தது. வாசலில் திருநீற்று மணம் வந்தது.

"இன்னும் முடியலையா?"

ஆவுடையம்மாள் அடுக்களைக்குள் வந்தாள். கையில் கோயில் பிரசாதத் தட்டு. கழுவிய சுவர்களைப் பார்த்தாள். கோடுகள் போயிருந்தன. முகத்தில் சற்றுத் திருப்தி தெரிந்தது. பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"இதென்ன, இங்கன மட்டும் வட்டமா?"

"எண்ணெய் ஏறிப் போயிருக்கு ஆச்சி. கழுவினா போயிரும்" என்றாள் முருகம்மாள். அது பொய் இல்லை.

ஆவுடையம்மாள் இரண்டு அடி முன்னால் வந்தாள். வட்டத்தையும் அதன் கீழே இருந்த கொடியடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். நாற்பது வருஷம் அதே அடுக்களையில் நின்றவள் அவள். "நீ எண்ணெய வச்சது பெரிய அடுப்புல. எண்ணெய் ஏறினது இங்கன. அது எப்படி?"

ரெங்கம்மாள் எழுந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியல ஆச்சி."

"தெரியலையா? எறக்கி வச்சேன் எறக்கி வச்சேன்னு மூணு நாளாத் தலையில அடிச்சுக்கிட்டியே, இப்பத் தெரியலங்கியா? அப்ப நீ சொன்னதெல்லாம் பொய்தானே?"

இந்த இடத்தில் உண்மையைச் சொன்னால் முருகம்மாள் தப்பித்துவிடலாம். சொல்லாவிட்டால் அவளே தன் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி. நாரைப் பிழிந்தாள். தண்ணீர் சாக்கில் சொட்டியது.

"என்னட்டி, வாயில என்ன வச்சிருக்கே?"

"ஆமா ஆச்சி, நாந்தான்..." என்று தொடங்கினாள் முருகம்மாள்.

"இல்ல அத்தை!"

ரெங்கம்மாள் ஏணியை விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றாள். "முருகக்கா இல்ல. நாந்தான். கொடியடுப்புல எண்ணெய் வச்சது நான். தண்ணி ஊத்தினது நான். அவங்க அணைச்சாங்க. நான் ஓடிட்டேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வைத்தியர், அம்மா, உருளி, கதவுக்குப் பின்னால் கேட்ட பேச்சு. எதையும் விடவில்லை. கடைசியில், "என்னை ஊருக்கு அனுப்பணும்னா அனுப்புங்க. இவங்களை அனுப்பாதீங்க" என்றாள்.

ஆவுடையம்மாள் பிரசாதத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு ஆட்டுரலின் மேல் வைத்தாள்.  தொழுவத்தில் மாடு கழுத்துமணியை அசைத்தது.

"கதவுக்குப் பின்னால நின்னியா?" என்றாள் கடைசியில்.

"ஆமா அத்தை."

"இலஞ்சிக்காரன் என்ன பதில் சொன்னான்னு கேட்டியா?"

"இல்ல. அழுகை வந்துட்டு. போயிட்டேன்."

"முழுசாக் கேட்டிருக்கணும். அவன் 'சரி, பாக்கவா'ன்னு கேட்டதுக்கு நான் வேண்டாம்னுதான் சொன்னேன். பேச்சை எடுத்ததும் நாந்தான், அது பொய்யில்ல. ஆனா சொல்லும்போதே எனக்கு நாக்கு கசந்துட்டு." அவள் மருமகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "எண்ணெய் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமேட்டி. அந்த எண்ணெயை அடுப்புத் தீயில காட்டக் கூடாது. கொதிக்கிற தண்ணிக்குள்ள கிண்ணத்தை வச்சுத்தான் சூடு பண்ணணும். மீதி இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

"அமாவாசை கழியட்டும். நானே வச்சுத் தாரேன்."

ரெங்கம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் அவளைத் தொடவில்லை. அண்ணாந்து ஏணியைப் பார்த்தாள்.

"ஏட்டி முருகம்மா, எறங்கு."

முருகம்மாள் இறங்கினாள். ஆவுடையம்மாள் அவளுடைய வலக்கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உவர்நீரில் விரல்நுனியெல்லாம் தோல் வெந்து வெளுத்து உரிந்திருந்தது. அந்தக் கையை இவள் மூன்று நாளாகத் திட்டியிருக்கிறாள். திட்டியதற்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அப்படிச் சொல்லிப் பழகியவளும் அல்ல.

"போய்த் தேங்காயெண்ணெய் தடவு. தடவிக்கிட்டே அமாவாசைக்கு என்ன கறி வைக்கணும்னு யோசி. வாழைக்காய் இருக்கு, பூசணிக்காய் வாங்கணும். நீதானே வைக்கப் போறே?"

முருகம்மாள் தலையை ஆட்டினாள். 

"ரெங்கம், நீ ஏறு. நீ கரிச்சதை நீ கழுவு."

ரெங்கம்மாள் தயங்கினாள். அவள் ஒருநாளும் ஏணி ஏறியதில்லை.

"ஏறுட்டி. விழுந்து தொலைச்சிராதே, நான் புடிச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, ஆவுடையம்மாள் கோயிலுக்குக் கட்டிப்போன பட்டுச்சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டாள். இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்தாள். கரித்தண்ணீர் சொட்டி அவள் தோளில் விழுந்தது. நகரவில்லை.

முருகம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கப் போனவள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். ரெங்கம்மாள் நாரை வட்டத்தின் நடுவில் வைத்து அழுத்தித் தேய்க்கப் போனாள்.

"நடுவுல வேண்டாம் சின்னம்மா, பரவிரும்" என்றாள் முருகம்மாள். "ஓரத்துல இருந்து வாங்க. கொஞ்சம் கொஞ்சமா, உள்ளே."